புதுப்பிப்பு: மாநாட்டுக் கேள்வி நேரப் பதிவைச் சுருக்குவது

"பேச்சாளர் குரல் தெளிவாக இருக்கிறது, கேட்பவர்கள் குரல் மங்கல். எழுந்த ஆட்சேபங்களையும் பதில்களையும் எப்படிப் பிரித்து எழுதுவது?" இதுதான் நான் முன்பு கேட்டது.

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, வலது சேனலைத் தனியாகக் கேட்கச் சொன்ன ஒலிப்பதிவாளரின் யோசனை. அரங்க மைக் அதில்தான் இருந்தது:

```
ffmpeg -i qa.mp4 -af "pan=mono|c0=c1" right.wav
```

இரைச்சல் நீக்கும் வழி சொன்னவர் கேள்வியை வேறாகப் புரிந்துகொண்டார். இங்கே இரைச்சல் பிரச்சினையே இல்லை.

"பேச்சாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்வாரே, அதை எடுத்தெழுதுங்கள்" என்ற யோசனை பாதிதான் சரி. திருப்பிச் சொல்லும்போது கேள்வி மழுங்கிவிடுகிறது. எலிகளின் குடல் பாக்டீரியா பற்றிய உரை அது. மருந்து கொடுத்த எலிகள் எல்லாம் ஒரே கூண்டில் இருந்தனவா என்று ஒருவர் கேட்டார். ஒரே கூண்டு எலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று தின்பதால் அவற்றின் பாக்டீரியா ஒத்துப்போகும். வித்தியாசம் மருந்தாலா கூண்டாலா என்று பிரிக்க முடியாது. பேச்சாளர் இதை "எலிகள் போதுமா என்கிறார்" என்று மாற்றி, எண்ணிக்கைக்குப் பதில் சொன்னார். ஒரே கூண்டில் எத்தனை எலி சேர்த்தாலும் ஆட்சேபம் அப்படியே நிற்கும்.

அதனால் சுருக்கத்தில் கேட்டவரின் சொற்படி ஆட்சேபம், அடுத்து பேச்சாளர் சொன்னது, பிறகு "கூண்டு பற்றிப் பதில் இல்லை" என்று எழுதினேன். "பிறகு பேசலாம்" என்றவற்றுக்கும் அப்படியே.

எதிர்பாராதது: ஒரு பதில் முழுக்கத் திரையைச் சுட்டி "இதோ பாருங்கள்" என்றே போகிறது. அந்தப் படம் பதிவில் இல்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.