புதுப்பிப்பு: காப்புரிமைச் சுருக்கத்தில் ‘ஆனது’ சரியா?

என் பழைய கேள்வி: “பம்பு ஒன்றின் காப்புரிமைச் சுருக்கத்தைத் தமிழாக்குகிறேன். ‘கம்ப்ரைசிங்’ வரும் இடத்தில் ‘ஆனது’ போடலாமா?”

போடவில்லை. “உறையாலும் வால்வாலும் ஆனது” என்றால் வேறு உறுப்புக்கே இடமில்லை என்று படிக்க முடியும். எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கையில் ‘கம்ப்ரைசிங்’ கூடுதல் உறுப்புகளுக்குக் கதவைத் திறந்தே வைக்கிறது. மூடுவது ‘கன்சிஸ்டிங் ஆஃப்’. இதைப் பிடித்துக் காட்டிய அக்காவுக்கு நன்றி. இப்போது முதலாவதற்கு ‘உள்ளடக்கியது’, இரண்டாவதற்கு ‘மட்டுமே கொண்டது’.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்றார் ஒரு நண்பர். கட்டுரைக்கு அது சரி. இங்கே மூலத்தில் நான்கு இடத்தில் வால்வு. என் வரைவில் மூன்று வால்வு, ஓர் ‘அடைப்பிதழ்’. படிப்பவர் இரண்டு பாகங்கள் என்றே நினைப்பார். எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது.



என்னை அதிகம் படுத்தியது இந்த வரி: “உறையினுள் பொருத்தப்பட்ட சுருள்வில்லுடன் கூடிய வால்வு”. உறைக்குள் இருப்பது வில்லா, வால்வா? மூலத்தில் வால்வு. அதனால் உடைத்துவிட்டேன்: “உறையினுள் ஒரு வால்வு பொருத்தப்பட்டுள்ளது. மேற்படி வால்வு ஒரு சுருள்வில்லை உள்ளடக்கியது.” உரிமைக்கோரிக்கையை ஒரே வாக்கியமாக எழுதுவது வழக்கம், சுருக்கத்துக்கு அந்தக் கட்டாயமில்லை.

‘மேற்படி’ பத்திர நடை, ‘அந்த’ போதும் என்கிறார் அக்கா. வால்வு ஒன்றே என்பதால் இங்கே போதும்தான். இரண்டு வால்வு வரும் அடுத்த சுருக்கத்தில் என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை.