எங்கள் வைஃபை பெயரிலேயே இன்னொன்று: எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம் நண்பர்களே. பல அலுவலகங்கள் உள்ள கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நேற்று எங்களோடு வேலை செய்யும் ஒருவரின் போனில், "ரௌட்டர் அப்டேட், வைஃபை பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று ஒரு பக்கம் வந்தது. பாவம், கொடுத்துவிட்டார். சந்தேகப்பட்டு லேப்டாப்பில் இதை ஓட்டினேன்:

```
netsh wlan show networks mode=bssid
```

எங்களிடம் இருப்பது ஒரே ரௌட்டர். இரண்டு அலைவரிசை என்பதால் இரண்டு BSSID வருவது சரிதான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். ஆனால் அதே பெயரில் மூன்றாவதாக, சம்பந்தமே இல்லாத எண்ணோடு ஒன்று, பூட்டு இல்லாமல் நின்றது. யாராவது எக்ஸ்டெண்டர் போட்டிருந்தால் அதற்கும் பாஸ்வேர்டு கேட்டிருக்கும்.

உடனே பாஸ்வேர்டையும் பெயரையும் மாற்றி, WPA3 போட்டேன். எல்லோர் போனிலும் பழைய பெயரை அழிக்கச் சொன்னேன். ஆனால் புதுப் பெயரையும் அந்தப் போலி வைஃபையை வைத்தவன் நகலெடுக்கலாமே!

லேப்டாப்போடு நடந்து பார்த்ததில், இரண்டாம் மாடிப் படிக்கட்டருகே சிக்னல் 90%க்கு மேல். கதவைத் தட்டிக் கேட்கத் தயக்கம்; சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஏமாற்றும் அல்லவா? துல்லியமாக இடத்தைப் பிடிக்க என்ன வழி? ஸ்கிரீன்ஷாட்டுகளோடு முதலில் கட்டட உரிமையாளரிடம் போவதா, நேரே சைபர் கிரைமுக்கா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.