பாப்-அப் வேஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கும்பகோணத்திலிருந்து:

வணக்கம். ஊரில் பிளம்பிங் கற்கும் பையன்களுக்காக வாஷ்பேசின் பொருத்தும் முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேசின் அடியில் அமுக்கினாலோ கம்பியை இழுத்தாலோ மூடி எழும்பும் 'பாப்-அப் வேஸ்ட்' என்னும் பொருளில் சிக்கிக்கொண்டேன். 'கழிவு' என்று எழுதினால் கக்கூஸ் நினைவு வருகிறது. கூடவே ஒரு சொந்தத் தொல்லை. வீட்டில் மேசைமேல் வைக்கும் பேசின் வாங்கினோம். அடியிலிருந்து சொட்டுகிறது. இரண்டு முறை புது வேஸ்ட் மாற்றியாயிற்று, வாஷரும் மாற்றியாயிற்று, இன்னும் சொட்டுகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

'எழுமூடி வடிவாய்' என்று வைக்கலாம். மூடி எழுகிறது, வாய் வழியே வடிகிறது. பேசின் சுவரில் மேலே இருக்கும் துளைக்கு 'மிகைநீர்த் துளை'. சொட்டுவதற்கு வாஷர்தான் காரணம், நட்டை இன்னும் இறுக்கச் சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, தயவுசெய்து இறுக்கிவிடாதீர்கள், பீங்கான் விரிசல் விட்டுவிடும். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் திருப்பு, மிஞ்சினால் அரைத் திருப்பு. இருபத்தைந்து வருடமாக இதே வேலைதான் செய்கிறேன்.

கும்பகோணத்தாரே, உங்கள் பேசின் சுவரில் மேலே துளை இருக்கிறதா என்று பாருங்கள். மேசைமேல் வைக்கும் பேசின் பலவற்றில் இருக்காது. அப்புறம் கழற்றிய வேஸ்ட்டின் குழாய்ப் பக்கவாட்டில் நீளமாகத் திறப்பு வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மேல்துளையில் இறங்கும் தண்ணீர் பீங்கானுக்குள்ளேயே ஒரு வழியாக வந்து அந்தத் திறப்பில்தான் நுழையும். பேசினில் மேல்துளை இல்லாமல், வேஸ்ட்டில் மட்டும் திறப்பு இருந்தால் கதை தலைகீழ். உள்ளே இறங்கும் தண்ணீர் திறப்பு வழியே வெளியே வந்து, குழாய்க்கும் பீங்கானுக்கும் நடுவே நின்று, மரை வழியாக நட்டுக்குக் கீழே சொட்டும்.

திருவையாற்றிலிருந்து:

என் பேசினில் சொட்டவில்லை, நாற்றம்தான். அந்த மேல்துளை வழியாகச் சாக்கடைக் காற்று வருகிறது போலிருக்கிறது. அதை சிமெண்டு வைத்து அடைத்துவிடலாமா?

மன்னார்குடியிலிருந்து:

அடைக்காதீர்கள் அம்மா. குழாயை மூட மறந்தால் தரையெல்லாம் வெள்ளம். அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பில் தண்ணீர் நிற்கும்வரை சாக்கடைக் காற்று மேலே வராது, மேல்துளை வழி சேர்வதும் டிராப்புக்கு மேலேதான். நாற்றம் அந்த வழிக்குள் படிந்த சோப்பு அழுக்கு. தண்ணீர் அந்தப் பக்கம் போவதே அபூர்வம், அதனால் வழவழவென்று ஊறிக் கிடக்கும். பால்புட்டி கழுவும் மெல்லிய பிரஷ்ஷை நுழைத்துத் தேய்த்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். மூடியை இடப்பக்கம் திருகிக் கழற்றினால் அடியில் முடிக்கற்றை சிக்கியிருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். கம்பி போட்ட மாதிரியானால் பின்பக்கக் கம்பியை முதலில் விடுவிக்க வேண்டியிருக்கும். ஆசிட் வேண்டாம், முலாம் போய்விடும்.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணே, அதேதான்! பேசினில் மேல்துளை இல்லை, வேஸ்ட்டில் திறப்பு இருக்கிறது. இரண்டு முறையும் கடையில் அதே வகையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கேட்கத் தெரியவில்லை, அதுதான் குறை.

இன்று திறப்பில்லாததை வாங்கினேன். கீழே வாளி வைத்து, டிராப் நட்டைக் கழற்றி, பழைய சிலிக்கானைச் சுரண்டித் துணியால் உலர்த்தினேன். மேல்விளிம்புக்கு அடியில் சிலிக்கான் தடவி இறக்கி, கீழே ரப்பர் வாஷர் உட்காரும் மரையிலும் கொஞ்சம் பூசி, மேல்பாகம் சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கினேன். ஒரு நாள் காயவிட்டு, நீலம் கலந்த தண்ணீரை நிரப்பி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்துத் திறந்துவிட்டேன். ஒரு சொட்டு நீலமும் இல்லை.

அப்படியானால் பெயரில் அந்தத் திறப்பு வர வேண்டும், இல்லையா? நம் பக்கம் மதகைக்கூட 'மூன்று கண் மதகு' என்றுதான் எண்ணுகிறோம். 'கண்' போதுமே.

தஞ்சாவூரிலிருந்து:

இறுக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு உண்டு. மேல்துளையை அடைத்த கல்லைத் தூக்கினால் தண்ணீர் இறங்கும். எழுமூடியை விட 'குமிழித் தூம்பு' பொருத்தம். வகைகள்: கண்ணுடைத் தூம்பு, கண்ணில் தூம்பு. பேசினின் மேல்துளைக்குக் 'கொள்ளிடம்'! முக்கொம்பில் மிகை நீரைக் காவிரியிலிருந்து வாங்கிக்கொள்வது அதுதானே.

திருவையாற்றிலிருந்து:

கண்ணில் தூம்பு என்றால் கண்ணுக்குள் தூம்பு போன மாதிரி இருக்கிறது ஐயா. கொள்ளிடமும் வேண்டாம், எங்களுக்கு அது ஆற்றின் பெயர். பிரஷ் போட்டதில் கறுப்பாக ஏதோ வந்தது, நாற்றம் பாதி குறைந்திருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து:

தூம்பு என்று கடையில் கேட்டால் சிரிப்பார்கள். நான் 'கண் வச்ச வேஸ்ட்டு, கண் இல்லாத வேஸ்ட்டு' என்று சொல்லிப் பார்க்கிறேன். பையன்களுக்கு இதையும் எழுதிவிடுங்கள்: மேல்துளை உள்ள பேசினில் கண் வைத்ததைப் போடும்போது சிலிக்கானைக் கண்ணுக்குள் அப்பிவிடக் கூடாது.

கும்பகோணத்திலிருந்து:

இப்போதைக்குத் தாளில் 'கண்ணுள்ள வேஸ்ட், கண்ணில்லாத வேஸ்ட்' என்று எழுதுகிறேன். தூம்பா வடிவாயா என்பதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.