நெல் கணக்கு அட்டவணையில் ‘௨௰௫’ என்பது ‘உயரு’ ஆகிவிடுகிறது: எப்படிச் சரிசெய்வது?

முதுநகர்க்காரர்: கடலூர்ப் பக்கத்துப் பழைய நெல் கணக்கை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் ஓட்டினேன். கலம் என்ற பத்தியில் ௨௰௫ இருக்கும் இடத்தில் ‘உயரு’ வந்திருக்கிறது. திரையில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தேடினாலும் கிடைக்கவில்லை, கூட்டவும் முடியவில்லை.

அரியாங்குப்பம்: NFC போடுங்க சார், எல்லாம் சரியாயிடும். பைத்தானில் `int()` தமிழ் எண்ணையே படிக்குமே.

வில்லியனூர்: தம்பி சொல்வதில் பாதிதான் சரி. தனித்தனியாக வந்த ெ, ா இரண்டையும் NFC ஒரே ‘ொ’ ஆக்கும். உ-வை ௨ ஆக்காது; ஒன்று எழுத்து U+0B89, மற்றது எண் U+0BE8. `int("௨௫")` 25 தரும், ஆனால் ௰ இட எண் இல்லை என்பதால் `int("௨௰௫")` பிழை காட்டும். எழுத்தை எண்ணாக நாம்தான் மாற்ற வேண்டும். அதுவும் எண் பத்தியில் மட்டும். பெயர்ப் பத்தியில் ஓட்டினால் ‘உத்தண்டி’ ‘௨த்தண்டி’ ஆகிவிடுவார்.

```python
pairs = [("ரு","௫"),("சு","௬"),("கூ","௯"),
         ("க","௧"),("உ","௨"),("ங","௩"),("ச","௪"),
         ("எ","௭"),("அ","௮"),("ய","௰")]
for a, b in pairs:
    cell = cell.replace(a, b)
```

வரிசையை மாற்றாதீர்கள். ச முதலில் போனால், சு இருந்த இடத்தில் ௪-ம் ஒட்ட இடமில்லாத ஒரு உகரக் குறியும் மிஞ்சும். புள்ளி வட்டத்தோடு ஒரு கொக்கி தெரிந்தால் அதுதான் காரணம்.

நெல்லிக்குப்பம்: எனக்கும் இதே தொல்லைதான், எக்செலில் திறந்தால் தமிழே வராமல் கிறுக்கலாக இருக்கிறது.

வில்லியனூர்: அது வேறு சங்கதி அண்ணே. CSV எழுதும்போது `encoding="utf-8-sig"` கொடுங்கள், போதும்.

முதுநகர்க்காரர்: மாற்றிவிட்டேன், எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் உணரியே தப்பாகப் படித்திருந்தால் எப்படித் தெரியும்?

வில்லியனூர்: கணக்கேட்டில் அடியில் கூட்டுத்தொகை இருக்குமே, அதுதான் சாட்சி. ௨௰௫, ௪௰௮, ௰௬ மூன்றும் சேர்ந்து ௮௰௯, அதாவது 89 கலம். உங்கள் கோப்பில் கூட்டினால் 87 வருகிறதென்று வையுங்கள். இரண்டு குறைந்தால் முதல் சந்தேகம் ௬ மேல்தான்: உணரி ‘சு’வின் சுழியை விட்டு ‘ச’ என்று எடுத்திருக்கும், அது ௪ ஆகியிருக்கும். அந்தக் கட்டத்தின் படத்தை மட்டும் பாருங்கள். இரண்டு தவறு ஒன்றையொன்று ஈடுசெய்தால் இந்தச் சோதனையில் சிக்காது. கலத்துக்கு 12 மரக்கால் என்பதையும் மறக்காதீர்கள். மரக்கால் பத்தியில் 12 நிறைந்தால் ஒரு கலம் மேலே ஏறும்.

அரியாங்குப்பம்: கால், அரை போன்ற குறிகளை என்ன செய்வது? 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் அவற்றுக்கு இடம் இருக்கிறதே.

வில்லியனூர்: இடம் இருக்கிறது, எழுத்துரு பலரிடம் இல்லை; வெறுங்கட்டம்தான் தெரியும். நான் ‘கால்’ என்று சொல்லாகவே வைப்பேன்.

முதுநகர்க்காரர்: சொல்லாக வைத்தால் மூலத்தில் என்ன குறி இருந்தது என்பது போய்விடுமே. நான் இன்னொரு பத்தி சேர்த்துக் குறியையும் வைக்கப் பார்க்கிறேன்.