பொருள்: ‘சுருக்கம்’ என்ற ஒரு சொல் போதுமா? மீள்நெருக்கல், அனுப்புபடி

கிளிநொச்சி, ஸ்ரூடியோ நடத்துபவர்:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வேலையில் இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். படத்தின் நீள அகலத்தைக் குறைப்பதும் சுருக்கம், கோப்பின் எடையைக் குறைப்பதற்காக விவரத்தை விடுவதும் சுருக்கம். அண்மையில் ஒரு குடும்பப் படத்தைத் திருத்தி முடித்து, கனடாவில் உள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக “சுருக்கி எடுங்கள்” என்று உதவியாளரிடம் சொன்னேன். அவர் 3600க்கு 4800 பிக்சல் அளவை அப்படியே விட்டு, தரத்தை மட்டும் 60க்கு இறக்கிவிட்டார். போய்ச் சேர்ந்த படத்தில், ஈரக்கறையை நீக்கி நான் மென்மையாக்கிய பின்புலம் படிக்கட்டுப் போலப் பட்டைபட்டையாகவும், அம்மாவின் சிவப்புச் சேலையின் கரை கலங்கியும் இருந்தன. இந்த இரண்டு செயல்களுக்கும், செயலி தானாகச் செய்யும் மூன்றாவது செயலுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும். ‘அமுக்கம்’ என்று தொடங்கலாமா?

முல்லைத்தீவு, தகவல் தொழில்நுட்ப ஆசிரியை:

அண்ணா, ‘அமுக்கம்’ எங்கள் பிள்ளைகளுக்கு வளிமண்டல அமுக்கமாகவே கேட்கும். விஞ்ஞானப் பாடம் அந்தச் சொல்லை முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டது. ஒலியலையில் நெருக்கல், ஐதாக்கல் என்று படித்த பழக்கம் இருப்பதால், விவரத்தை விட்டு எடை குறைப்பதை ‘நெருக்கல்’ என்று வைக்கலாம். நீள அகலம் குறைவதை ‘அளவுக்குறைப்பு’ என்போம். செயலி நம் கோப்பைத் திறந்து மறுபடி ஜேபெக்காக எழுதுவது ‘மீள்நெருக்கல்’.

உங்கள் படத்தில் நடந்தது இந்த மூன்றும் தவறான வரிசையில் நடந்ததுதான். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய மாற்றங்களை முதலில் கைவிடுகிறது. தரம் 60இல் உங்கள் உதவியாளர் அந்தக் கட்டங்களை ஒரு முறை பதித்தார். அதன் பின் செயலி நீண்ட பக்கத்தை 1600 அளவுக்கு இறக்கியபோது பழைய கட்டங்களின் விளிம்புகள் புதிய கட்டங்களின் நடுவே விழுந்தன. அந்த விளிம்புகளையும் படத்தின் விவரம் என்று எண்ணிச் செயலி இன்னொரு முறை நெருக்கியது. சேலைக்கரை கலங்கியதற்குக் காரணம் வேறு. வெளிச்ச விவரத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தை மட்டும் இரு திசையிலும் பாதியாக்குவது இத்தகைய செயலிகளின் வழக்கம் என்பதால், கடும் சிவப்பு, மெல்லிய சரிகைக்கோடு ஆகியவைதான் முதலில் அடிபடும்.

மாங்குளம், கைபேசியில் படம் திருத்தும் இளைஞர்:

தரத்தை 100 வைத்து, முழு அளவிலேயே அனுப்பினால் செயலி குறைத்தாலும் மிச்சம் கூடுதலாக இருக்கும் அல்லவா? நான் அப்படித்தான் அனுப்புகிறேன், எவரும் குறை சொன்னதில்லை.

ஆசிரியை:

தம்பி, பாதி சரி. தரம் குறைந்த கோப்பைக் கொடுப்பதை விட அது நல்லதுதான். ஆனால் 90க்கும் 100க்கும் இடையில் கோப்பின் எடை பெருமளவு கூடுகிறதே தவிர, மீள்நெருக்கலுக்குப் பின் கண்ணுக்கு வேறுபாடு அரிதாகவே தெரியும், ஏனெனில் கடைசித் தரத்தைத் தீர்மானிப்பது செயலிதான். முழு அளவில் கொடுக்கும்போது, அளவுக்குறைப்பும் செயலியின் கைக்குப் போய்விடுகிறது. கண்ணிமையைக் கூர்மையாக்கியது 4800 பிக்சலுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய பின் அந்தக் கூர்மை கரைந்துவிடும். அளவை நாமே குறைத்து, அதற்குப் பிறகு சற்றுக் கூர்மையாக்கிக் கொடுத்தால் செயலிக்கு மீள்நெருக்கல் மட்டுமே மிஞ்சும். ஆகவே மூலத்திலிருந்து தனியாக எடுக்கும் இந்தக் கோப்புக்கு ‘அனுப்புபடி’ என்ற பெயரை முன்மொழிகிறேன். அண்ணாவின் படத்துக்கு நான் எடுத்திருக்கக்கூடிய அனுப்புபடி இது:

```
magick moolam.tif -resize "1600x1600>" -unsharp 0x0.6+0.5+0.02 -sampling-factor 4:4:4 -quality 90 anuppu.jpg
```

இதில் 1200க்கு 1600 பிக்சல் படம் கிடைக்கும். `4:4:4` என்பது நிறத்தை நம் பக்கத்தில் பாதியாக்காமல் வைத்திருக்கிறது. செயலி ஒரு முறை பாதியாக்கினாலும், நாமும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டியதில்லை. மூலம் அடோபி நிறவெளியில் இருந்தால், இதற்கு முன்பே போட்டோஷொப்பில் sRGBக்கு மாற்றிவிட வேண்டும். நிறக்குறிப்பு வழியில் தொலைந்தால் தோல் சாம்பிப் போகும்.

வவுனியா, அச்சகம் நடத்துபவர்:

என் கேள்வி வேறு. வாடிக்கையாளர் கைபேசியில் வந்த படத்தைக் கொண்டுவந்து 12க்கு 18 அங்குலத்தில் நினைவுப்பதாகை கேட்கிறார்கள். எல்லாரும் 300 டிபிஐ வைத்துத்தான் அனுப்பினோம் என்கிறார்கள். அனுப்புபடியிலேயே 300 என்று குறித்தால் எனக்கு உதவாதா?

ஆசிரியை:

உதவாது, ஐயா. அந்த 300 கோப்பில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு மட்டுமே. திரையும் செயலியும் பிக்சல் எண்ணிக்கையைத்தான் பார்க்கின்றன. நீண்ட பக்கம் 1600 பிக்சல் உள்ள படத்தை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 89 பிக்சல்தான் வரும். அச்சுக்கு அனுப்புபடியை ஏற்கவே வேண்டாம். மூலத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஆவணமாகச் சேர்த்தால் செயலி படத்தைத் தொடுவதில்லை.

ஸ்ரூடியோ நடத்துபவர்:

ஆவணமாக அனுப்புவது எனக்கும் தெரியும், ஆனால் முதியவர்கள் அதைத் திறக்கமாட்டார்கள். படம் உரையாடலில் பெரிதாகத் தெரிந்தால்தான் அவர்களுக்குப் படம். 2023இல் வந்த எச்டி தெரிவை அழுத்தினால் பெரிய அளவு போகிறது, ஆனால் அதுவும் மீள்நெருக்கல்தான்.

இன்னொன்று. இருபது பேர் நிற்கும் ஒரு கோயில் திருவிழாப் படத்தில் இதே முறை பயன்படவில்லை. 4800 பிக்சல் அகலப் படத்தில் ஒவ்வொரு முகமும் 180 பிக்சல்தான் இருந்தது.

ஆசிரியை:

அப்படியானால் 1600இல் முகம் 60 பிக்சல். குறுக்கே எட்டுக் கட்டம் கூட இல்லை, ஒரு கண்ணுக்கு ஓரிரு கட்டங்களே கிடைக்கும். இதற்குத் தர எண்ணால் தீர்வு இல்லை. முழுப் படத்தின் அனுப்புபடியுடன், வரிசை வரிசையாக வெட்டிய இரண்டு மூன்று படங்களையும் அனுப்புங்கள்.

ஒவ்வொரு செயலியின் எல்லையும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் 1600ஐ வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். வேறொரு கைபேசிக்கு அனுப்பி, அங்கே சேமித்த கோப்பை, பெயர் மாற்றிக் கணினிக்கு எடுத்துப் பாருங்கள்:

```
magick identify -format "%w x %h  %Q" vantha.jpg
```

அகல உயரத்தையும் மதிப்பிட்ட தரத்தையும் இது காட்டும். நீங்கள் கொடுத்த அகல உயரமே திரும்பி வந்தால் அளவுக்குறைப்பு நடக்கவில்லை என்று பொருள். பிறகு இரு படத்தையும் 200 சதவீதத்தில் வைத்து, முடியோரத்தில் கொசுக்கூட்டம் போன்ற புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இளைஞர்:

பின்புலப் பட்டையை மறைக்கச் சிறுமணி சேர்க்கலாமா? நான் எல்லாப் படத்துக்கும் சேர்க்கிறேன்.

ஸ்ரூடியோ நடத்துபவர்:

நானும் சேர்த்துப் பார்த்தேன், தம்பி. மெல்லியதாகச் சேர்த்தால் பட்டை மறைகிறது. சற்றுக் கூடினால் ஒரு கட்டத்தில் மணி இருந்து அடுத்த கட்டத்தில் இல்லாமல் திட்டுத்திட்டாகிறது. எங்கே நிறுத்துவதென்று படத்துக்குப் படம் வேறுபடுகிறது. ‘அனுப்புபடி’யை வேலைச்சீட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன், ‘நெருக்கல்’ என்று சொன்னால் உதவியாளர் இன்னும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தச் சொல்லுக்கு வேறு முன்மொழிவு இருந்தால் அறியத் தாருங்கள்.