புதுப்பிப்பு: அப்பாவின் விடுப்புக் கடிதம் கதை

முன்பு கேட்டது: "என் சிறுகதையில் சரியாக எழுத வராத அப்பாவுக்கு, முதல் விடுப்புக் கடிதம் எழுத மகள் உதவுகிறாள். கடிதத்தைப் பிழைகளோடு அப்படியே காட்டலாமா?"

காட்டவில்லை. பிழைகளை அச்சில் பார்த்தால் வாசகர் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிடுவார் என்று ஒருவர் சொன்னார். அது பாதி சரி. பிழையே இல்லாவிட்டால் அவருடைய சிரமமும் தெரியாது. இன்னொருவர் தன் அம்மா வங்கிப் படிவம் நிரப்பிய கதையைச் சொன்னார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் மனதில் நின்றது.

வழி காட்டியவர் அலுவலகத்தில் விடுப்புக் கடிதங்களைப் பார்த்துப் பழகியவர். பலர் காரணத்தை நீளமாக எழுதிவிட்டுத் தேதியில் தடுமாறுவார்கள் என்றார். அதையே காட்சியாக்கினேன். பாட்டிக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அப்பா 12 முதல் 15 வரை என்கிறார்.

"வேலைக்கு என்னைக்குப் போவீங்கப்பா?"

"15 காலைல."

"அப்போ 14 வரைன்னு போடுங்க. மூணு நாள்தான்."

அரைப் பக்கக் காரணம் ஒரே வரியாகிறது. மகள் தனித்தாளில் எழுதித் தர, அப்பா பார்த்து எழுதுகிறார். பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுகிறது. 'விடுப்பு' மட்டும் 'விடுபு' ஆகிறது. மகள் அதைத் திருத்தவில்லை, அது அவருடைய கடிதம்.

மேலாளர் படிக்கும் காட்சி வேண்டுமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அப்புறம், தலைப்பும் வைக்கவில்லை.