பொருள்: கைவரக் கற்றலா, தேர்ச்சிக் கற்றலா? (வெள்ளிக்குள் வேண்டும்)

பூங்குழலி:

அனைவருக்கும் வணக்கம். கணித ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாஸ்டரி லேர்னிங் பற்றியது. எடுத்துக்காட்டாகப் பின்னக் கூட்டல் அலகு கொடுத்திருக்கிறார்கள். பாடம் முடிந்ததும் எட்டுக் கேள்வி, பன்னிரண்டு நிமிடம். ஏழு சரியாக இருந்தால் அடுத்த அலகு. குறைந்தால் இரண்டு பாடவேளை தனி உதவி, பிறகு வேறு எட்டுக் கேள்வி.

மூன்று சொல் வேண்டும்: முறைக்கு ஒன்று, அந்த எட்டுக் கேள்விக்கு ஒன்று, தனி உதவிக்கு ஒன்று. இப்போதைக்குத் ‘தேர்ச்சிக் கற்றல்’, ‘தேர்ச்சித் தேர்வு’, ‘மீள்கற்பித்தல்’ என்று போட்டிருக்கிறேன். மூன்றுமே உறுத்துகின்றன.

துரைராசு:

அம்மா, தேறாத பிள்ளைகளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைப்பது பழைய பழக்கம்தானே? அதற்கு எதற்குப் புதுச்சொல்? எங்கள் காலத்தில் ‘நிறுத்திவைப்பு’ என்போம். அது போதும்.

ஞானசேகரன்:

துரைராசு ஐயா, இது ஆண்டைத் திரும்பப் படிப்பது இல்லை. ஓர் அலகு, இரண்டு வாரம், அதற்குள் ஒரு திரும்பல். 1963இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கரோல் ஒரு கருத்தைச் சொன்னார்: ஒருவருக்கு ஒன்றைக் கற்க எவ்வளவு நேரம் தேவையோ, அதில் எவ்வளவு அவருக்குக் கிடைத்ததோ, அதைப் பொறுத்ததே கற்ற அளவு. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1968இல் அதை வகுப்பறைத் திட்டமாக்கினார். வழக்கமான வகுப்பில் நேரம் எல்லோருக்கும் ஒன்று, கற்ற அளவு ஆளுக்கு ஆள் வேறு. இங்கே அதைத் தலைகீழாக்குகிறோம்.

பூங்குழலிக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான். ‘தேர்ச்சி’ என்று படித்த ஆசிரியரின் மனம் உடனே தேர்ச்சி மதிப்பெண்ணுக்குப் போகும். நூற்றுக்கு முப்பத்தைந்தோ நாற்பதோ எடுத்தால் தேர்ச்சி. எட்டில் மூன்று சரி என்றால் ‘தேறிவிட்டான்’ என்று அடுத்த அலகுக்கு அனுப்பிவிடுவார். இந்த முறைக்கு வேண்டியது எண்பது விழுக்காட்டுக்கு மேல். எட்டில் எண்பது விழுக்காடு 6.4 ஆகிறது, அதனால்தான் கையேட்டில் ஏழு. சொல்லே வரம்பைக் கீழே இழுக்கிறது என்றால் அந்தச் சொல் வேண்டாம்.

இளவழுதி:

நண்பர்களே, ‘தேர்ச்சி’யை இப்படிக் கைவிடுவதற்கு முன் வேரைப் பாருங்கள். ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ (குறள் 509). தேர்தல் ஆராய்வது, தேறுதல் ஐயம் நீங்கித் தெளிவது. முதலாவது ஆசிரியர் வேலை, இரண்டாவது மாணவர் நிலை. நோயாளி ‘தேறினார்’ என்பதும் இதுவே. சங்கப் பாட்டில் வரும் ‘தேறல்’ என்ன? வண்டல் இறங்கித் தெளிந்த கள்! கீழே நிற்பது கசடு. வள்ளுவர் ‘கற்க கசடறக் கற்பவை’ என்றபோது கலயத்தையும் நினைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். எனவே முறையின் பெயர் ‘கசடறக் கற்றல்’. இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருக்கும் சொல்.

‘சோதனை’ பக்கம் யாரும் போக வேண்டாம், வடசொல். எட்டுக் கேள்விக்கு ‘உரைகல்’ என்க.

ஹமீதா:

இளவழுதி ஐயா, தேறல் விளக்கம் அருமை, ஆனால் கையேட்டில் வேண்டாம் :)

எனக்கு ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. முறையின் பெயரை ஏற்பதற்கு முன், எட்டில் ஐந்து எடுத்த பிள்ளையை அந்தச் சொல்லால் எப்படிக் குறிப்போம் என்று பார்க்க வேண்டும். தேர்ச்சிக் கற்றலில் அவன் ‘தேறாதவன்’. கசடறக் கற்றலில் அவனிடம் கசடு இருக்கிறது. ஆசிரியர் அறையில் அது ஒரே வாரத்தில் ‘கசடுக் கும்பல்’ ஆகிவிடும்.

‘கைவரல்’ என்று வைத்துப் பாருங்கள். ‘கைவந்த கலை’ எல்லோருக்கும் தெரியும். முக்கியமாக, இலக்கணம் நமக்கு உதவுகிறது. ‘அவனுக்குப் பின்னக் கூட்டல் இன்னும் கைவரவில்லை’ என்கிறோம். வராதது பின்னக் கூட்டல், அவன் இல்லை. ‘இன்னும்’ தானாகவே ஒட்டிக்கொள்கிறது. ‘இன்னும் தேறவில்லை’ என்று சொன்னால் குறை அவன் மேல்தான் விழுகிறது.

ரூபன்:

இதற்கு ஏன் இவ்வளவு? ‘மாஸ்டரி கற்றல்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். முறையின் பலன்தான் முக்கியம். சராசரி மாணவரை வகுப்பின் முதல் இரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுபோகிறது என்று ப்ளூமே காட்டியிருக்கிறார், இரண்டு சிக்மா, அதாவது வழக்கமான வகுப்பின் சராசரிக்கு மேல் இரண்டு திட்டவிலக்கம்.

ஞானசேகரன்:

ரூபன், பாதி சரி. 1984 கட்டுரையில் இரண்டு சிக்மா வந்தது தனிப்பயிற்சியும் இந்த முறையும் சேர்ந்த பிரிவுக்கு. அதாவது ஓர் ஆசிரியருக்கு ஒன்றிரண்டு மாணவர்கள். முப்பது பேர் வகுப்பில் இந்த முறை மட்டும் இருந்த பிரிவுக்கு ஏறத்தாழ ஒரு சிக்மா என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அதைவிடக் குறைவு. கையேட்டு முன்னுரையில் ‘இரண்டு சிக்மா’ இருந்தால் பூங்குழலி ஒரு குறிப்புப் போடுவது நல்லது.

இனி மூன்றாவது சொல். என் கவலை அதில்தான். ‘மீள்கற்பித்தல்’ என்றால் அதே பாடத்தை அதே கரும்பலகையில் இன்னும் மெதுவாக, இன்னும் உரக்க நடத்துவது என்றுதான் ஆசிரியர் எடுத்துக்கொள்வார். இந்த முறை தோற்கும் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது அதுவே.

¼ + ⅙ என்ற கேள்வியை எடுங்கள். ஒரு பிள்ளை 2/10 என்று எழுதுகிறாள்: மேலே கூட்டி, கீழேயும் கூட்டிவிட்டாள். இன்னொருவன் 1/12 + 1/12 = 2/12: பகுதியை மாற்றினான், தொகுதியை மாற்ற மறந்தான். மூன்றாமவள் 6/24 + 4/24 = 10/24 என்று நிறுத்திவிட்டாள். மூவருக்கும் ஒரே தவறுக்குறி போட்டு, ஒரே மூலையில் உட்காரவைத்து, ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தினால் என்ன பயன்?

முதல் பிள்ளையிடம் ½ + ½ கேட்க வேண்டும். அவள் வழியில் 2/4 வரும். 2/4 என்பது அரைதானே, அரையும் அரையும் சேர்ந்து எப்படி அரையாகும் என்று அவளே திகைப்பாள். அந்தத் திகைப்பு வராமல் பொதுப் பகுதி பற்றிப் பேசிப் பயனில்லை. இரண்டாமவனுக்குக் காகிதப் பட்டை போதும்: பன்னிரண்டு சம பாகமாக மடித்து, கால்பகுதி எத்தனை பாகத்தை மூடுகிறது என்று அவனே எண்ணட்டும். மூன்று என்று கண்டபின் 1/12 என்று எழுத மாட்டான். மூன்றாமவளுக்கு இந்த உதவியே வேண்டாம். கூட்டல் வந்துவிட்டது, சுருக்குவது தனித் திறன். கையேடு அதைத் தனியாகக் குறிக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கூட்டல் வந்த பிள்ளைகளும் திரும்பலில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆகவே சொல்லில் ‘வேறு வழி’ என்ற பொருள் தெரிய வேண்டும். ‘மாற்றுவழிக் கற்பித்தல்’ என்பேன். ‘குறைதீர் கற்பித்தல்’ ஏற்கெனவே பருவ இறுதியில் நடக்கும் சிறப்பு வகுப்புக்குப் பழகிவிட்டது. மனுக்கொடுக்கும் நாளும் நினைவுக்கு வருகிறது.

இளவழுதி:

‘மாற்றுவழி’ என்றால் சாலை மறித்திருக்கிறது என்று பொருள். நன்னூல் என்ன சொல்கிறது? ‘ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபாடு இலனே.’ மூன்று முறை கேட்டால் ‘முறையறிந்து உரைக்கும்’ என்று அடுத்த நூற்பா. திரும்பக் கேட்பது தண்டனை இல்லை, மேல்நிலை என்பதே நம் மரபு. ‘இருகால் கேட்பு’ என்று வையுங்கள். திரும்புபவருக்கு இதைவிட மதிப்பான பெயர் கிடைக்காது.

ஹமீதா:

பெயரின் மதிப்பு பிடித்திருக்கிறது. ஆனால் நன்னூலார் சொல்வது அதே பாடத்தை இரண்டாம் முறை கேட்பது. ஞானசேகரன் ஐயா வேண்டாம் என்பதும் அதைத்தான். தவிர, ‘இருகால்’ என்று அச்சில் பார்த்தால் ஏழாம் வகுப்பு சிரிக்கும்.

இரண்டாவது எட்டுக் கேள்வி பற்றி யாரும் பேசவில்லை. கையேட்டில் அதற்குப் ‘பேரலல் ஃபார்ம்’ என்று இருக்கும். ‘வேறு கேள்வித்தாள்’ என்று எழுதினால், ¼ + ⅙ இருந்த இடத்தில் ⅓ + ⅕ வைத்துவிடுவார்கள். அது வேறு வகை. 3, 5 இரண்டையும் பெருக்கினாலே பொதுப் பகுதி வந்துவிடும். ½ + ⅙ இன்னும் எளிது, ஒரு பகுதி இன்னொன்றுக்குள்ளேயே இருக்கிறது. 4, 6 போல பொதுக் காரணி உள்ள சோடிதான் வேண்டும்: ⅙ + 1/9 சரியாக இருக்கும், விடை 5/18. வகை மாறினால், கைவராத பிள்ளை கைவந்ததாகத் தெரிவான். அடுத்த அலகில்தான் குட்டு வெளிப்படும். அதனால் ‘இணைத்தாள்’ என்று வைத்து, ‘எண் மாறலாம், வகை மாறக்கூடாது’ என்ற வரியைப் பக்கத்திலேயே போடுங்கள்.

இன்னொன்று. இரண்டாம் முறையும் ஐந்து பேர் நின்றுவிட்டால்? வகுப்பு முழுவதும் காத்திருக்க முடியாது. அடுத்தது பின்னப் பெருக்கல் என்றால் அதற்குப் பொதுப் பகுதி தேவையில்லை, அவர்களும் சேர்ந்து போகலாம், கூட்டல் உதவி பக்கத்தில் ஓடட்டும். அடுத்தது பின்னக் கழித்தல் என்றால் போகக்கூடாது, அதே இடத்தில் அதே தவறு வரும்.

ஞானசேகரன்:

இங்கே எனக்கு உடன்பாடில்லை. ‘சேர்ந்து போகலாம்’ என்று ஒரு முறை கதவைத் திறந்தால் எல்லா அலகுக்கும் அதுவே வழக்கமாகும். பெருக்கலை முன்னால் வைப்பதா, கழித்தலை முன்னால் வைப்பதா என்று அலகு வரிசையைத் தீர்மானிக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் நிற்பவர் நீங்கள்.

முதலில் முடித்தவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். அவர்களுக்கு அடுத்த அலகைக் கொடுத்துவிட்டால் இடைவெளி வளரும். அதே அலகில் ஆழமாக ஒன்று கொடுக்கலாம்: தொகுதி 1 ஆக உள்ள மூன்று வெவ்வேறு பின்னங்களைக் கூட்டி 1 கொண்டுவா. ½ + ⅓ + ⅙ கண்டுபிடித்தவரை, வேறு விடை ஏன் இல்லை என்று கேட்டால் இரண்டு பாடவேளையும் ஓடிவிடும்.

ரூபன்:

வேறு விடை இல்லையா? ½ + ¼ + ¼ இருக்கிறதே.

ஹமீதா:

‘வெவ்வேறு’ ரூபன்.

பூங்குழலி:

நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். என் முடிவு: முறை ‘கைவரக் கற்றல்’. எட்டுக் கேள்வி ‘கைவரல் சோதனை’. ‘உரைகல்’ என்றால் ஆசிரியர்கள் எதைக் கொண்டுவருவார்கள் என்று தெரியவில்லை. ‘சிறுதேர்வு’ என்றால் மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிடும், இதை ஏற்றக் கூடாது. தனி உதவிக்கு ‘மாற்றுவழிக் கற்பித்தல்’. ஆங்கிலத்தில் ‘கரெக்டிவ்’ என்று இருப்பதற்கு இது நேர்ச்சொல் இல்லை என்று பதிப்பாளர் கேட்பார், பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் தாள் ‘இணைத்தாள்’. 10/24 பற்றிக் கையேட்டில் ஒன்றுமில்லை, மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்கிறேன். ஐந்து பேர் நின்றால் என்ன என்பதற்கும் அதில் பதில் இல்லை.

இளவழுதி:

‘சோதனை’யை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். வைப்பதென்று ஆனபின் புணர்ச்சியையாவது காப்பாற்றுங்கள்: லகரத்தின் முன் வல்லினம், ‘கைவரற்சோதனை’. கல் + சிலை கற்சிலை.

ஹமீதா:

பூங்குழலி, ‘ல்’ அப்படியே இருக்கட்டும், இடைவெளி விட்டு. ‘வரற்’ என்று பார்த்தால் பிழைதிருத்துபவர் ‘வறட்’ என்று மாற்றிவிடுவார்.

துரைராசு:

எல்லாம் சரி. அந்த ஐந்து பேரை வருட முடிவில் மேல் வகுப்புக்கு அனுப்புவார்களா, மாட்டார்களா?